வாழைக்காய் மண்டிக்கு ஒரு வருமான வரி காலண்டர்

ஒவ்வொரு ஏப்ரல்லயும் வாட்ஸ்அப்ல ஒரு படம் சுத்தும். ஜூன் 15-க்குள்ள 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள்ள 45, டிசம்பர் 15-க்குள்ள 75, மார்ச் 15-க்குள்ள 100. அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டிய தேதிங்க. (எல்லாமே அதுவரைக்கும் கட்டின மொத்தம். ஒவ்வொரு தடவையும் புதுசா 45, 75-னு கட்டணும்னு நினைச்சு பயப்படுறவங்க உண்டு.) படத்துல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா நாலு தேதியையும் ஒரே அளவுல, ஒரே கலர்ல போட்டிருக்கறதுதான் எனக்கு எரிச்சல். மாசம் பொறந்தா இவ்வளவு வரும்னு தெரிஞ்ச ஆளுக்கு அது சரி. திருவிழாவுக்குத் திருவிழா காசு பாக்கறவங்களுக்கு நாலு தேதிக்கும் ஒரே எடை கிடையாது. அவங்களுக்கு உண்மையிலயே முக்கியமான ஒரு தேதி அந்தப் படத்துலயே இல்ல.

பொதுவா பேசினா புரியாது. திண்டுக்கல்லுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கற ஒரு தொழிலையே எடுத்துக்கலாம். சிறுமலைல இருந்து இறங்கற மலைவாழைய வித்துக் கொடுக்கற கமிஷன் மண்டி. சிறுமலை மலைவாழைக்கும் விருப்பாட்சி மலைவாழைக்கும் 2008-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல. மலைவாழைக்கும் பஞ்சாமிர்தத்துக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியும். அதனால இந்த யாவாரத்தோட நாடித்துடிப்பு பழனியோடயும் பண்டிகையோடயும் சேந்தே ஓடும். பங்குனி உத்திரம், விநாயகர் சதுர்த்தி, ஆயுத பூஜை, கார்த்திகை, பொங்கல், தைப்பூசம். நடுவுல ஆடியும் மார்கழியும் கல்யாணம் இல்லாத மாசம். இதுக்கு மேல மழை, முடிக்கொத்து நோய்னு வரத்தே குறையற வருஷமும் வரும். ஜூன் மாசத்துல நின்னுக்கிட்டு "இந்த வருஷம் எவ்வளவு நிக்கும்?"னு கேட்டா நேர்மையான பதில் "தெரியாது"தான்.

இந்தத் தொழில எடுத்ததுக்கு இன்னொரு காரணம், இதுக்கு எந்தக் குறுக்கு வழியும் இல்ல. சிவில் இன்ஜினியரா தனியா தொழில் பண்றவர் 44ஏடிஏ பிரிவுல போயிடலாம். வந்த ஃபீஸ்ல பாதிய லாபம்னு காட்டிட்டு மார்ச் 15 ஒரே தேதில முழு வரியையும் கட்டிடலாம். பலசரக்குக் கடைக்காரருக்கு 44ஏடி இருக்கு, அதுலயும் அதே ஒரே தேதிதான். ஆனா கமிஷன், தரகு வருமானத்துக்கு 44ஏடி கிடையாதுன்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. அப்ப ஒழுங்கா கணக்கு எழுதி, நிஜ லாபத்தக் காட்டி, நாலு தவணையும் பாக்கணும். அடுத்தது டிடிஎஸ். இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கு கம்பெனியே கொஞ்சம் பிடிச்சுக் கட்டிடும். இங்க விவசாயியும் சில்லறைக் கடைக்காரரும்தான் எதிர்ல இருக்காங்க, அவங்க யாரும் வரி பிடிக்க மாட்டாங்க. மொத்த வரியும் இவர் கையால கட்ட வேண்டியது. (விவசாய விளைபொருள் கமிஷனுக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கறதால அந்தக் காலண்டர் மட்டும் இவருக்கு இல்ல. ஒரே நிம்மதி அதுதான்.)

இப்ப கணக்கு. 2025-26 நிதியாண்டு. நான் போடறது கற்பனையான ஒரு மண்டி, ஆனா வரி விகிதமும் பண்டிகைத் தேதியும் நிஜம். அந்த வருஷத்துல ஒரு விசேஷம் உண்டு. பங்குனி உத்திரம் 2025-ல ஏப்ரல் 11, 2026-ல ஏப்ரல் 1. ரெண்டாவது உத்திரத்துக்கான காய் மார்ச் கடைசி வாரத்துலயே வித்துத் தீந்திடும். அதாவது ஒரே நிதியாண்டுக்குள்ள ரெண்டு உத்திரத்தோட யாவாரம். கடை வாடகை, கூலி, கணக்குப்பிள்ளை சம்பளம் எல்லாம் போக ஜூன் 15 வரைக்கும் லாபம் 2,60,000 ரூபாய்னு வச்சுக்குவோம். சதுர்த்தி முடிஞ்சு செப்டம்பர் 15-ல மொத்தம் 4,40,000. ஆயுத பூஜை, தீபாவளி, கார்த்திகை தாண்டி டிசம்பர் 15-ல 8,00,000. பொங்கலும் தைப்பூசமும் போய் மார்ச் 15-ல 11,60,000. அதுக்கப்புறம் பதினாறே நாள்ல உத்திர விற்பனை 1,40,000 கொண்டு வருது. வருஷம் முடியறப்ப 13,00,000.

புது வரி முறைல 12 லட்சம் வரைக்கும் வரி இல்ல, தள்ளுபடி வந்து பூஜ்யமாக்கிடும். மார்ச் 15 அன்னிக்கு இந்த மண்டிக்காரருக்கு, கைல இருக்கற கணக்குப்படி, ஒரு ரூபா வரி கிடையாது. மார்ச் 31-ல? 4-ல இருந்து 8 லட்சத்துக்கு 20,000, 8-ல இருந்து 12-க்கு 40,000, மேல இருக்கற ஒரு லட்சத்துக்கு 15,000. ஆக 75,000, அதுக்கு 4 சதவீதம் செஸ் 3,000, மொத்தம் 78,000. கோடு தாண்டினதும் தாண்டின பகுதிக்கு மட்டும் வரின்னு பலர் நம்பறாங்க. அப்படி இல்ல, தள்ளுபடியே போயிடும். கோட்ட ஒட்டி இருக்கறவங்களுக்கு ஒரு நிவாரணம் உண்டு, 12 லட்சத்துக்கு மேல எவ்வளவு வந்துதோ அதுக்கு மேல வரி போகாது. ஆனா அதுக்கு மேல செஸ் ஏறும். 12,40,000 லாபம்னா வரி 40,000, செஸ்ஸோட 41,600. கூட வந்த 40,000-ம் போய் இன்னும் 1,600-ம் போகும். 12,70,000-ம் கொஞ்சமும் வந்தா அந்த நிவாரணமும் முடிஞ்சிரும்.

ஏற்ற இறக்க வருமானக்காரங்களுக்கு அடி விழற இடம் இதுக்கு அடுத்தது. 234சி பிரிவுல தவணை குறைஞ்சதுக்கு வட்டி போடுவாங்க. அந்த வட்டி ஜூன்ல நீங்க சம்பாதிச்சதப் பாத்துப் போடறது இல்ல. வருஷக் கடைசில வந்த 78,000-த்த எடுத்துக்கிட்டு, "ஜூன்லயே இதுல 15 சதவீதம் ஏன் கட்டல?"னு பின்னோக்கிப் போகும். அமெரிக்காவுல எந்தக் காலாண்டுல வருமானம் வந்துதோ அதுக்குத் தக்கபடி தவணையப் பிரிச்சுக் காட்ட வழி வச்சிருக்காங்க. நம்ம சட்டத்துல அந்தச் சலுகை சொத்து, பங்கு வித்த லாபம், லாட்டரி, டிவிடெண்ட், முதல் முறையா ஆரம்பிச்ச தொழில் மாதிரி சிலதுக்குத்தான். எதிர்பாக்காத தைப்பூச விற்பனைக்கு கிடையாது. இது நியாயமில்லன்னுதான் நான் நினைக்கிறேன். லாட்டரிக்காரருக்குக் கொடுத்த சலுகைய மண்டிக்காரருக்கும் கொடுத்திருக்கலாம்.

சரி, எவ்வளவு வட்டி? இதக் கணக்குப் போட்டுப் பாக்காமத்தான் பாதிப் பேர் பயப்படறாங்க, மீதிப் பேர் அலட்சியமா விடறாங்க. முதல் மூணு தவணைல குறைஞ்ச தொகைக்கு மாசம் 1 சதவீதம்னு மூணு மாசத்துக்கு, மார்ச் தவணைக்கு ஒரே மாசம். நம்ம மண்டிக்காரர் மார்ச் 15 வரைக்கும் ஒண்ணுமே கட்டலன்னு வைங்க. ஜூனுக்கு 11,700 குறைஞ்சதுக்கு 351 ரூபாய். செப்டம்பருக்கு 35,100 குறைஞ்சதுக்கு 1,053. டிசம்பருக்கு 58,500-க்கு 1,755. மார்ச்சுக்கு 780. கூட்டினா 3,939. எந்தத் தொகையா இருந்தாலும் நாலையும் விட்டா வரில 5 சதவீதத்தச் சுத்தித்தான் வரும், அதுல ஜூனோட பங்கு அரை சதவீதம் கூட இல்ல. டிசம்பரோட பங்கு ரெண்டேகால். நம்ம ஊர்ப் பேச்சுல சொன்னா நூத்துக்கு ஒரு ரூபா வட்டி.

எடை வித்தியாசம்னு நான் சொன்னது இதைத்தான். ஜூன் 15-ம் செப்டம்பர் 15-ம் இந்த மாதிரி ஆளுக்கு கணக்கு பாக்கற நாள். முடிவு எடுக்கற நாள் டிசம்பர் 15. ஜூன்லயும் செப்டம்பர்லயும் எவ்வளவு கட்டறதுங்கறதுக்கு என் விதி ஒண்ணுதான். கடந்த மூணு வருஷத்துல எது மோசமான வருஷமோ அந்த லாபத்த எடுத்துக்கங்க. அதுக்கு வரி வந்தா அதுல பங்க கட்டுங்க, வரலன்னா கட்ட வேண்டாம். மோசமான வருஷத்துலயே 20 லட்சம் நிக்கற மண்டிக்கு இந்த விவாதமே தேவையில்ல, அவர் ஜூன்லயே கட்டணும். அவருக்கும் ஒரு இடைவெளி உண்டு. முதல் ரெண்டு தவணைக்கும் 12 சதவீதம், 36 சதவீதம் வரைக்கும் கட்டியிருந்தாலே வட்டி வராது. முதல் ரெண்டரை மாச லாபத்த அப்படியே பன்னிரண்டு மாசத்துக்கு நீட்டிப் பாக்கறத மட்டும் பண்ணாதீங்க. நம்ம கணக்குல அப்படி நீட்டினா 12,48,000 வரும். உத்திரம் இருந்த ரெண்டரை மாசம் அது. ஆடிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

"அப்ப சட்டத் தேதிய மதிக்க வேண்டாம்னு சொல்றீங்களா?"ன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. அட்வான்ஸ் டாக்ஸ்ங்கறது அந்த வருஷ வருமானத்த நீங்களே மதிப்புப் போட்டுக் கட்டறது. மதிப்புப்படி வருஷ வரி 10,000 ரூபாய்க்குக் கீழன்னா கட்டவே வேண்டாம்னு சட்டமே சொல்லுது. ஜூன்ல நேர்மையா போட்ட மதிப்பு 11 லட்சம்னா அன்னிக்குத் தவணையே இல்ல. பின்னால மாறினா அதுக்கான ஈடுதான் இந்த வட்டி, அதக் கட்டிட்டா பாக்கி எதுவும் இல்ல. தெரிஞ்சே குறைச்சு மதிப்புப் போடறது வேற விஷயம், அத நான் சொல்லல. இன்னொருத்தர் நேர் எதிரா கேப்பார், "எதுக்கு வம்பு, ஜூன்லயே தாராளமா கட்டிட்டா என்ன?" கட்டலாம். ஆனா வருஷம் சரியாப் போகலன்னா அந்தப் பணம் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வர்ற வரைக்கும் திரும்பாது. கூடுதலா கட்டினதுக்கு அரசு கொடுக்கற வட்டி மாசம் அரை சதவீதம், அதுவும் அடுத்த ஏப்ரல் 1-ல இருந்துதான். ஜூன்ல இருந்து மார்ச் வரைக்கும் உங்க பணம் சும்மா கிடக்கும். விவசாயிக்கு அன்னன்னிக்கு பட்டுவாடா பண்ண வேண்டிய தொழில்ல அது சின்ன விஷயம் இல்ல.

அதுக்காக ஒதுக்காம இருக்கக் கூடாது. இந்த வட்டி எல்லாம் சில ஆயிரம், உண்மையான ஆபத்து மார்ச் கடைசில 78,000 கைல இல்லாமப் போறது. மண்டிக் கணக்குல விவசாயி பணமும் கமிஷனும் ஒரே கரன்ட் அக்கவுண்ட்ல கலந்து கிடக்கும். பேலன்ஸ் பெருசாத் தெரியும், அதுல பெரும்பகுதி அடுத்தவங்களோடது. அதனால தனியா ஒரு சேமிப்புக் கணக்கு. வாரா வாரம் கமிஷன்ல செலவு போனதுல 6 சதவீதம் அங்க போகட்டும் (13 லட்சத்துல 78,000 அவ்வளவுதான்). வரி வரலன்னா அது உங்க பணமாவே நிக்கும்.

டிசம்பருக்கு வருவோம். கைல எட்டரை மாசக் கணக்கு இருக்கு, லாபம் 8,00,000. பாக்கி இருக்கறது பொங்கல், தைப்பூசம், உத்திரம். போன வருஷம் இதே மாசங்கள்ல 4,50,000 நின்னுதுன்னு பேரேடு சொல்லுதுன்னா மதிப்பு 12,50,000. வரி நிவாரணத்தோட 50,000, செஸ் சேத்து 52,000. அதுல 75 சதவீதம் 39,000, அத டிசம்பர் 15-க்குள்ள கட்டிடறார். மார்ச் 15-ல உத்திரத்துக்கு வந்திருக்கற ஆர்டரப் பாத்து 13 லட்சம் வரும்னு தெரியுது, மீதி 39,000-த்தையும் கட்டறார். இப்ப வட்டி எவ்வளவு? ஜூனுக்கு 351, செப்டம்பருக்கு 1,053, டிசம்பர்ல 19,500 குறைஞ்சதுக்கு 585. மொத்தம் 1,989. ஒண்ணுமே கட்டாதவருக்கு வந்ததுல கிட்டத்தட்ட பாதி. அரை வருஷம் காத்திருந்ததுக்கு இந்த விலை கொடுக்கலாம்.

இனி அந்தப் படத்துல இல்லாத தேதி. மார்ச் 31. அன்னிக்குள்ள கட்டற எதுவும் அட்வான்ஸ் டாக்ஸ்னுதான் கணக்காகும். மார்ச் 15 போயிட்டா வண்டி போயிடுச்சுன்னு நினைச்சு, "ரிட்டர்ன் போடும்போது பாத்துக்கலாம்"னு விடறவங்கதான் அதிகம். ஆனா மார்ச் 31-க்குள்ள மொத்த வரில 90 சதவீதம் போய்ச் சேரலன்னா 234பி-ன்னு இன்னொரு வட்டி ஏப்ரல் 1-ல இருந்து ஆரம்பிக்கும். மாசம் 1 சதவீதம், கட்டற வரைக்கும் ஓடும், மாசத்துல ஒரு நாள் போனாலும் முழு மாசம். 78,000-த்த ஜூலைல கட்டினா நாலு மாசத்துக்கு 3,120. முந்தின 3,939-ஓட சேந்து 7,059. மார்ச் 30 அன்னிக்கு கட்டியிருந்தா அந்த 3,120 முழுசா இல்ல. கமிஷன்காரரோட காலண்டர்ல சிவப்பு மசில வட்டம் போட வேண்டிய நாள் இது. மார்ச் 28 வாக்குல கணக்க முடிச்சு, 30-ம் தேதி கட்டிடணும். 31-ம் தேதி ராத்திரி சர்வரோட போராட வேண்டாம்.

"உத்திரத்து விற்பனைய ஏப்ரல் 2 தேதி போட்டு பில் எழுதிட்டா?"ன்னு ஒருத்தராவது கேப்பாங்க. கூடாது. காய் ஏலம் போன நாள்ல கமிஷன் உங்களுக்குச் சேந்தாச்சு. ஏலச் சிட்டைல தேதி இருக்கு, விவசாயி கைல பில் இருக்கு, வாங்கினவர் கணக்குலயும் அதே நாள் இருக்கு. பழனிக் கடைக்காரர் பணத்த ஏப்ரல்ல கொடுத்தாலும், வரவு வச்சு எழுதற கணக்கு முறைல அது மார்ச் வருமானம்தான்.

காகித வேலையையும் இந்தத் தேதிகளோடயே கட்டிப் போட்டுடலாம். ஜூன் 15 ஆனி பொறக்கற சமயம். செப்டம்பர் 15 முடிஞ்சா புரட்டாசி, டிசம்பர் 15 முடிஞ்சா மார்கழி, மார்ச் 15-ஐ ஒட்டி பங்குனி. அதாவது வைகாசி, ஆவணி, கார்த்திகை, மாசின்னு ஒவ்வொரு முகூர்த்த மாசமும் முடியற இடத்துல வரித் தேதி வந்து நிக்குது. சீசன் முடிஞ்சு கடைல கொஞ்சம் கூட்டம் குறையற அந்த ரெண்டு நாள்ல ஒரே ஒரு வேலையப் பண்ணுங்க. பேங்க்ல வந்த மொத்தத்த எடுத்து, இதுல விவசாயிக்குக் கொடுத்தது இவ்வளவு, கமிஷன் இவ்வளவுன்னு பிரிச்சு ஒரு தாள்ல எழுதி கையெழுத்துப் போட்டு வைங்க. பெரிய ரொக்க டெபாசிட் எல்லாம் வருமான வரித்துறையோட ஏஐஎஸ் அறிக்கைல ஏறும், ஆனா அது யாரோட பணம்னு அங்க எழுதியிருக்காது. கமிஷன் மண்டிக்கு கமிஷன மட்டும்தான் வரவா எடுத்துக்கணும், வித்த காயோட மொத்த விலைய இல்லன்னு 1986-லயே நேரடி வரிகள் வாரியத்தோட 452-ம் எண் சுற்றறிக்கை சொல்லியிருக்கு. அது உங்களக் காப்பாத்தணும்னா பிரிச்சுக் காட்டற தாள் உங்ககிட்ட இருக்கணும். சொந்தமா காய் வாங்கி வித்தா அது தனி யாவாரம், தனிப் பேரேடு. மலைல சொந்தத் தோட்டம் இருந்தா அந்த வருமானத்துக்கு வரி இல்ல, ஆனா 5,000 ரூபாய்க்கு மேல போனா மத்த வருமானத்தோட வரி விகிதத்த அது மாத்தும், அதனால அதுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்க. செலவுலயும் ஒரு கவனம் வேணும். ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல 10,000-க்கு மேல ரொக்கமா கொடுத்த செலவு கழிவுல சேராது. கடை வாடகை 15,000-த்த மாசா மாசம் ரொக்கமா கொடுத்தா வருஷத்துல 1,80,000 செலவு கணக்குல நிக்காது. 11 லட்சத்துல இருந்தவர் அந்த ஒரே காரணத்தால 12 லட்சக் கோட்டத் தாண்டிடுவார்.

கட்டற முறை சுலபம். வருமான வரி இணையதளத்துல e-Pay Tax போய், பான் நம்பரும் மொபைலும் கொடுத்து, ஆண்டு தேர்ந்தெடுத்து, Advance Tax (100)-னு இருக்கறதச் சொடுக்கணும். (300-னு இருக்கறது வருஷம் முடிஞ்சப்புறம் கட்டறதுக்கு.) 15-ம் தேதி ஞாயித்துக்கிழமையா வந்து பேங்க் லீவுன்னா, அடுத்த வேலை நாள்ல கட்டினா வட்டி இல்ல. 2025 ஜூன் 15-ம் 2026 மார்ச் 15-ம் அப்படித்தான் ஞாயிறு. தப்பு நடக்கற இடம் ஆண்டுதான். 2025-26-ல சம்பாதிச்சதுக்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27. புது வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-ல இருந்து நடைமுறைக்கு வருது, அதுல மதிப்பீட்டு ஆண்டுங்கற பேரே கிடையாது, சம்பாதிக்கற வருஷமே வரி ஆண்டு. அப்படிப் பாத்தா வரி ஆண்டு 2026-27-ங்கறது 2026 ஏப்ரல்ல ஆரம்பிக்கற வருஷம். ஒரே எண், ரெண்டு வேற வருஷம். நான் இங்க சொன்ன பிரிவு எண்களும் புதுச் சட்டத்துல மாறுது, தவணைத் தேதியும் சதவீதமும் அதே. பணம் கட்டினதும் ரசீதுல பேரையும் தொகையையும் பாக்கறதுக்கு முன்னாடி ஆண்டப் பாருங்க. தப்பா விழுந்திருந்தா அதே தளத்துல சலான் திருத்தம் இருக்கு, அதுக்குக் கெடு ரொம்பக் கம்மி, அன்னிக்கே பண்ணிடணும்.

2027-ல பங்குனி உத்திரம் மார்ச் மாசத்துக்குள்ளயே வருது. 15-ம் தேதித் தவணைக்கும் 31-க்கும் நடுவுல முழு விற்பனையும் விழும். டிசம்பர்ல மதிப்புப் போடறப்ப அதச் சேத்துப் போடுங்க.